இறுதி நிமிடமும் இருபத்து நான்கு விநாடியும்

கூடைப்பந்தாட்டத்தை முதன்முறையாகக் காண்பவருக்கு அவ்வாட்டத்தின் இறுதி நிமிடம் ஒரு புதிராகவே தோன்றும். அதுவரை ஓயாது ஓடிய ஆட்டம் திடீரெனத் தடைப்படுகிறது. பின்தங்கிய அணியைச் சேர்ந்த ஒருவர், பந்தை வைத்திருக்கும் எதிரணியாளரை நோக்கி விரைந்தோடி, வேண்டுமென்றே அவர் கையைப் பற்றுகிறார். மத்தியஸ்தர் ஊதுகுழலை ஊதுகிறார். தவறு செய்யப்பட்டவர் கோட்டின் முன் நின்று, எவருடைய தடையுமின்றிக் கூடையை நோக்கி இருமுறை பந்தெறிகிறார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி, தன்னைவிட முன்னே நிற்கும் அணிக்குத் தானாகவே புள்ளிகளைக் கொடையளிப்பதுபோல் இஃது காணப்படுகிறது. அரங்கிலுள்ளோர் இதனை மதியீனம் என எண்ணுவதில்லை. பயிற்றுநர்களோ இதனைத் தவறாது கட்டளையிடுகின்றனர். காரணம் யாது?

புள்ளியை விற்று நேரத்தை வாங்கும் வாணிபமே இது. இவ்வாணிபத்தின் விலையை மூன்று விதிகள் வகுக்கின்றன. முதலாவது, பந்தைப் பெற்ற அணி குறித்த விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாகவேண்டும் என்பது. இதனை அளக்கும் கடிகாரத்தையே ஆட்டக்காரர் ஷொட் குளொக் என்பர். இரண்டாவது, பவுல் எனப்படும் தவறு நிகழ்ந்ததும் ஆட்டக் கடிகாரம் நிறுத்தப்படும் என்பது. மூன்றாவது, ஓரணியின் தவறுகள் ஓர் அளவைக் கடந்தால் எதிரணிக்குத் தனி எறிகள் கிடைக்கும் என்பது. பிரீ த்ரோ எனப்படும் இத்தனி எறி ஒவ்வொன்றும் கூடை சேர்ந்தால் ஒரு புள்ளி தரும்.

இவ்விதிகள் ஏன் பிறந்தன என்பதை அறிந்தால், அவற்றின் இயல்பும் எளிதில் விளங்கும். 1950ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆந் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், அந்நகரின் லேக்கர்ஸ் அணியும் போர்ட் வேன் நகரின் பிஸ்டன்ஸ் அணியும் மோதின. லேக்கர்ஸ் அணியில் ஜோர்ஜ் மைகன் என்னும் நெடிதுயர்ந்த வீரர் இருந்தார். அவரை நேர்நின்று வெல்வது அரிது எனக் கண்ட போர்ட் வேன் அணியினர், பந்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றனர். அக்காலத்தில் அதனைத் தடுக்க விதி இல்லை. பார்வையாளர் கூச்சலிட்டனர், ஆட்டமோ அசையவில்லை. மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது லேக்கர்ஸ் 17, பிஸ்டன்ஸ் 16. இறுதிக் கால்பகுதியில் இரு அணிகளும் சேர்ந்து பெற்றவை 4 புள்ளிகளே. கடைசி விநாடிகளில் லாரி பவுஸ்ட் என்பவர் பந்தைக் கூடையிலிட, 19க்கு 18 எனப் போர்ட் வேன் வென்றது. அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் வரலாற்றில் மிகக் குறைந்த புள்ளிகள் பெறப்பட்ட ஆட்டம் இதுவேயாகும். லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளில் 15 மைகன் ஒருவருடையவை.

பந்தை மறைத்துவைக்கும் அணிக்கு எதிராக அன்று ஒரே மருந்துதான் இருந்தது. அதுவே தவறு செய்தல். தவறு செய்தால் எதிரணிக்குப் பெரும்பாலும் ஒரு தனி எறி கிடைக்கும். அதன்பின் பந்து தவறு செய்த அணியின் கைக்கு வரும். ஒரு புள்ளியைக் கொடுத்து, இரண்டு புள்ளி பெறும் வாய்ப்பை வாங்கலாம். ஆகவே முன்னணியில் நின்ற அணி பந்தை மறைக்க, பின்தங்கிய அணி தவறு செய்ய, ஆட்டம் தனி எறிகளின் ஊர்வலமாயிற்று. 1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொஸ்டன், சிரக்கியூஸ் அணிகளுக்கிடையே நான்கு மேலதிக நேரப் பகுதிகள்வரை நீண்ட ஒரு போட்டியில், பொஸ்டனின் பொப் கூசி 50 புள்ளிகள் பெற்றார். அவற்றுள் 30 புள்ளிகள் தனி எறியால் வந்தவை.

இந்நோய்க்கு மருந்து கண்டவர்களுள் முதன்மையானவர் சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டனி பியசோன். அவ்வணியின் நிருவாகத்தில் இருந்த லியோ பெரிஸ் என்பவருக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் போட்ட கணக்கு மிக எளிமையானது. மக்கள் விரும்பிப் பார்த்த நல்ல ஆட்டங்களில் ஒவ்வோரணியும் ஏறத்தாழ 60 முறை கூடையை நோக்கி எறிகிறது. இரண்டும் சேர்ந்தால் 120 எறிகள். ஆட்டத்தின் 48 நிமிடம் 2,880 விநாடிகளாகும். 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24 வரும். இவ்வாறே இருபத்து நான்கு விநாடி விதி பிறந்தது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போட்டிப் பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது. முந்திய பருவத்தில் ஓரணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 79.5 புள்ளிகள் பெற்றிருந்தது. புதிய பருவத்தில் அது 93.1 ஆக உயர்ந்தது.

எனினும் கடிகாரம் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். தவறு செய்வது மலிவாக இருக்கும்வரை எந்தக் கடிகாரமும் ஆட்டத்தை ஓடச் செய்யாது. ஆகையால் அதே பருவத்தில், ஓரணி ஒரு கால்பகுதியில் 6 தவறுகளுக்குமேல் செய்தால் எதிரணிக்கு மேலும் ஒரு தனி எறி அளிக்கப்படும் என்றும் விதித்தனர். கடிகாரம் பந்தை மறைப்பதைத் தடுத்தது. தண்டனை எறி தவறின் விலையை உயர்த்தியது. முதற் பருவத்தின் வெற்றிக்கிண்ணமும் பியசோனின் அணிக்கே கிடைத்தது. 1955ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், போர்ட் வேன் அணியைச் சிரக்கியூஸ் 92க்கு 91 என வென்றது. அந்த ஒரு புள்ளி வேறுபாட்டைத் தந்தது, 12 விநாடிகள் எஞ்சியிருக்கையில் ஜோர்ஜ் கிங் போட்ட ஒரு தனி எறியே.

சர்வதேசப் போட்டிகளில் 1956ஆம் ஆண்டு 30 விநாடி விதி வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அங்கும் 24 விநாடியே. இன்று அமெரிக்கச் சங்கத்திலும் சர்வதேச ஆட்டத்திலும், ஒரு கால்பகுதியில் ஓரணியின் ஐந்தாவது தவறிலிருந்து எதிரணிக்கு இரண்டு தனி எறிகள் உண்டு. அமெரிக்கச் சங்கத்தில் இன்னுமொரு நுட்பம் உளது. இறுதி இரண்டு நிமிடங்களில், ஐந்தாவது தவறு இன்னும் எட்டாவிடினும், இரண்டாவது தவறிலிருந்தே இத்தண்டனை தொடங்கும்.

இனி, பயிற்றுநர் ஒருவரின் மனத்தில் இறுதி நிமிடத்தில் ஓடும் கணக்கைப் பார்க்கலாம். அவருடைய அணி மூன்று புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது. பந்து எதிரணியிடம் இருக்கிறது. ஆட்டம் முடிய 40 விநாடிகள் உள்ளன. இப்போது தவறு செய்யவேண்டிய தேவை இல்லை. எதிரணி 24 விநாடிக்குள் எறிந்தே ஆகவேண்டும். அந்த எறியைத் தடுத்து, திரும்பி வரும் பந்தைப் பிடித்தால், ஏறத்தாழ 14 விநாடிகள் தம் கையில் இருக்கும். மூன்று புள்ளி எறி ஒன்றை ஒழுங்காக அமைக்க அது போதுமான நேரமே.

அதே நிலையில் 30 விநாடிகளே எஞ்சியிருந்தால் கணக்கு மாறுகிறது. எதிரணி 24 விநாடியையும் முழுதாகச் செலவிட்டுவிட்டு எறிந்தால், மீதி நான்கைந்து விநாடிகள்தாம். அதற்குள் ஆடுகளத்தின் முழு நீளத்தையும் கடந்து எறியவேண்டும். அன்றியும், தவறிய பந்தை எதிரணியே மீண்டும் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இங்குப் பயிற்றுநர்கள் இருவகைப்படுவர்; சிலர் தம் தடுப்பாட்டத்தை நம்பிக் காத்திருப்பர், சிலர் உடனே தவறு செய்யப் பணிப்பர்.

எஞ்சிய நேரம் 24 விநாடிக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, கருத்து வேறுபாட்டிற்கே இடமில்லை. ஆட்டம் முடியும்வரை எதிரணி எறியவேண்டிய கட்டாயம் இல்லை. 1950ஆம் ஆண்டின் போர்ட் வேன் அணியைப்போல அவர்கள் பந்தை வைத்துக்கொண்டே நிற்கலாம். பியசோனின் கடிகாரம் அங்கே ஊமையாகிவிடுகிறது. ஆகவே பந்தைப் பறிக்க இயலாவிடின், தவறு செய்து கடிகாரத்தை நிறுத்துவது ஒன்றே வழி. தனி எறி எறியப்படும்போது கடிகாரம் ஓடாது. எறி முடிந்ததும் பந்து பின்தங்கிய அணிக்கு வரும்.

யார்மேல் தவறு செய்வது என்பதே அடுத்த கேள்வி. நூற்றுக்கு 75 வீதம் தனி எறியைக் கூடையிலிடும் வீரர் ஒருவர் பதினாறு முறை இரண்டிரண்டு எறிகள் எறிந்தால், சராசரியாக ஒன்பது முறை இரண்டையும் போடுவார். ஆறு முறை ஒன்றைப் போடுவார். ஒரே ஒருமுறைதான் இரண்டையும் தவறவிடுவார். பாதி எறிகளை மட்டுமே போடும் வீரராயின், இரண்டையும் போடுவது நான்கு முறை, ஒன்றைப் போடுவது எட்டு முறை, இரண்டையும் தவறவிடுவது நான்கு முறை. இரண்டு புள்ளிகள் பின்தங்கிய அணி முதலாமவர்மேல் தவறு செய்தால், பெரும்பாலும் வேறுபாடு நான்காகும். ஒரே எறியில் அதனைச் சமன்செய்ய முடியாது. இரண்டாமவர்மேல் செய்தால், வேறுபாடு மூன்றுக்கு மேற்போகாதிருக்கும் வாய்ப்பே அதிகம். ஒரு மூன்று புள்ளி எறி அதனைச் சமனாக்கும்.

இதனை இரு பயிற்றுநரும் அறிவர். ஆதலால் முன்னணியிலுள்ள அணி, தனி எறியிற் கைதேர்ந்தவர்களையே இறுதி நேரத்திற் களத்தில் நிறுத்தும். மறு அணி அவர்களிடம் பந்து போகாதவாறு நெருங்கி நின்று, கைநடுங்கும் வீரர் ஒருவரிடம் பந்து போகுமாறு செய்ய முயலும். பந்தை வெளிக்கோட்டிலிருந்து உள்ளே கொடுக்க 5 விநாடிகளே அனுமதி; அந்த ஐந்து விநாடிகளில் நிகழும் ஒளித்துப்பிடித்தல் விளையாட்டே பல ஆட்டங்களின் முடிவைத் தீர்மானிக்கிறது. பந்தில்லாத ஒருவரைத் துரத்திச்சென்று தவறு செய்யலாகாதா என நேயர் கேட்கலாம். வில்ட் சேம்பர்லின் என்னும் பேராற்றல் வாய்ந்த வீரர் தனி எறியில் மட்டும் பாதியளவே வெற்றி கண்டார்; எதிரணியினர் அவரைக் களமெங்கும் துரத்தினர். அவ்வழக்கத்தை அடக்க எழுந்த விதியின்படி, இறுதி இரண்டு நிமிடங்களிற் பந்துக்குத் தொடர்பில்லாத ஒருவர்மேல் தவறு செய்தால், எதிரணிக்கு ஒரு தனி எறியும் உண்டு. பந்தும் அவர்களிடமே இருக்கும். வாணிபம் அங்கே நட்டமாகிவிடுகிறது.

இக்கணக்கு முழுவதும் ஒரே ஆட்டத்தில் அரங்கேறியதை 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆந் திகதி மயாமி நகரிற் காணலாயிற்று. அமெரிக்கச் சங்கத்தின் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் அது. சன் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணி மூன்று வெற்றிகளும், மயாமி ஹீட் அணி இரண்டு வெற்றிகளும் பெற்றிருந்தன. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் கிண்ணம் சன் அந்தோனியோவுக்கே. ஆட்டம் முடிய 28.2 விநாடிகள் இருக்கையில், தவறு செய்யப்பட்ட மனு ஜினோபிலி இரண்டு தனி எறிகளில் ஒன்றைப் போட்டார். சன் அந்தோனியோ 94, மயாமி 89. பரிசளிப்புக்காக மஞ்சட் கயிறுகள் களத்தின் ஓரத்திற்குக் கொண்டுவரப்பட்டன.

மயாமியின் லெப்ரோன் ஜேம்ஸ் எறிந்த மூன்று புள்ளி எறி தவறியது. ஆனால் திரும்பிய பந்து மீண்டும் மயாமியிடமே சிக்க, அவரே மறுபடி எறிந்து மூன்று புள்ளிகளைப் பெற்றார். இப்போது 94க்கு 92, எஞ்சியவை 20.1 விநாடிகள். எஞ்சிய நேரம் 24க்குக் குறைவு என்பதை நேயர் கவனித்திருப்பர். சன் அந்தோனியோ எறியவேண்டியதே இல்லை. ஆகையால் மயாமி அணியினர் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை, கடிகாரம் 19.4ஐக் காட்டுகையிற் கவாய் லெனார்ட்மேல் தவறு செய்தனர். அவர் முதல் எறியைத் தவறவிட்டு, இரண்டாவதைப் போட்டார். 95க்கு 92. இரண்டையும் போட்டிருப்பின் வேறுபாடு நான்காகியிருக்கும். ஒற்றை எறியால் மயாமி சமன்செய்திருக்க முடியாது. ஜினோபிலி தவறவிட்ட ஓர் எறியும், லெனார்ட் தவறவிட்ட ஓர் எறியும் சேர்ந்து மயாமிக்குக் கதவைத் திறந்துவிட்டன.

இங்கேதான் சன் அந்தோனியோவின் பயிற்றுநர் கிரெக் பொபோவிச் முன் மிகக் கடினமான கேள்வி எழுந்தது. மூன்று புள்ளிகள் முன்னே நிற்கும் அணி, எதிரி மூன்று புள்ளி எறியை எறியுமுன் தானே தவறு செய்துவிடலாமா? செய்தால், மயாமிக்கு இரண்டு தனி எறிகளே கிடைக்கும். இரண்டையும் போட்டாலும் ஒரு புள்ளி குறைவாகவே நிற்பர். சமன்செய்யும் எறி எழவே மாட்டாது. கேட்க எளிதாகத் தோன்றும் இவ்வழியில் மூன்று இடர்கள் உள.

முதலாவது, நேரம். 19 விநாடிகள் இருக்கும்போதே தவறு செய்தால், ஆட்டம் நீண்டுகொண்டே போகும். மயாமி இரண்டு எறிகளையும் போட்டபின் சன் அந்தோனியோவின்மேல் மீண்டும் தவறு செய்யும். தனி எறிகளில் ஒன்று தவறினால் ஆபத்து மறுபடி வாசலில் நிற்கும். ஆதலால் இவ்வழியை ஆதரிப்போரும், ஏறத்தாழ ஏழெட்டு விநாடிக்குக் கீழே வந்தபின்பே தவறு செய்யவேண்டும் என்பர். இரண்டாவது, கணப்பொழுதுப் பிழை. கையைப் பற்றும் வேளையில் எதிரி எறியத் தொடங்கிவிட்டால், மத்தியஸ்தர் மூன்று தனி எறிகள் வழங்குவார். சமன்செய்யும் வாய்ப்பை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். மூன்றாவது, வேண்டுமென்றே தவறவிடும் தந்திரம். பின்தங்கிய அணி முதல் எறியைப் போட்டுவிட்டு, இரண்டாவதை வளையத்தில் மோதித் தெறிக்குமாறு எறியும். தெறித்த பந்தைப் பிடித்துக் கூடையிலிட்டால் இரண்டு புள்ளிகள் கிடைத்து ஆட்டம் சமனாகும். இவ்வழியா, தடுப்பாட்டமா என்பதில் பயிற்றுநரிடையே இன்றும் ஒருமித்த முடிபில்லை.

பொபோவிச் தவறு செய்யப் பணிக்கவில்லை, தடுப்பாட்டத்தையே தெரிந்தார். மூன்று புள்ளிக் கோட்டருகே விரைந்து சென்று தடுக்கவல்லவர்களை நிறுத்தும் பொருட்டு, உயரமான டிம் டங்கனை வெளியே அமரச் செய்தார். முதற் பகுதியில் அத்திட்டம் பலித்தது. லெப்ரோன் ஜேம்ஸ் எறிந்த பந்து கூடை சேரவில்லை. ஆனால் திரும்பிய பந்தைப் பிடிக்க டங்கன் களத்தில் இல்லை. மயாமியின் உயர்ந்த வீரர் கிறிஸ் பொஷ் எம்பிப் பிடித்து, பின்புறமாக நகர்ந்து வலது மூலைக்குச் சென்றுகொண்டிருந்த ரே அலனிடம் கொடுத்தார். அலன் கோட்டிற்கு வெளியே காலூன்றி எறிந்தார். பந்து கூடையில் விழுந்தபோது எஞ்சியவை 5.2 விநாடிகள், 95க்கு 95. மேலதிக நேரத்தில் மயாமி 103க்கு 100 என வென்றது. அதன் கடைசி இரண்டு புள்ளிகளும், 1.9 விநாடி இருக்கையில் அதே அலன் போட்ட தனி எறிகளே. ஏழாவது ஆட்டத்திலும் 95க்கு 88 என வென்று, மயாமியே கிண்ணத்தைக் கொண்டது.

பொபோவிச் பிழைத்தாரா? லெப்ரோனின் எறி தவறியதை நோக்கின், அவருடைய தடுப்பு வென்றது எனலாம். பொஷ் பந்தைப் பிடித்ததை நோக்கின், தடுப்பாட்டத்தின் மறைந்த விலை அங்கே வெளிப்பட்டது எனலாம். எறியைத் தடுப்பது பாதி வேலையே. திரும்பும் பந்தைக் கைப்பற்றும்வரை தடுப்பு நிறைவுறுவதில்லை. பொஷ் பந்தைப் பிடித்த அந்தக் கணம், தவறு செய்வதற்கு உகந்த நேரமாகவும் இருந்தது. ஆனால் அத்தகைய கணம் ஒரு விநாடிக்குள் கடந்துபோய்விடும். முன்கூட்டியே முடிவு செய்து வைத்திராத அணியால் அதனைப் பயன்படுத்த இயலாது.

இறுதி நிமிடம் ஊதுகுழலாலேயே நிரம்பிவிடுகிறது என்ற குறை நெடுங்காலமாக உளது. அமெரிக்காவின் நிக் ஈலம் என்பவர் அதற்கொரு மாற்றுவழி கூறினார். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஆட்டக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ஓர் இலக்குப் புள்ளியை அறிவித்து, அதனை முதலில் எட்டும் அணியே வென்றதாகக் கொள்வது அம்முறை. நேரமே இல்லாதபோது, புள்ளி கொடுத்து அதனை வாங்குவார் எவருமில்லை. 2020ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்தில் இம்முறை கையாளப்பட்டது. வெற்றிப் புள்ளிக்கு ஒன்றே குறைவாயிருந்த வேளையில், எதிரி நெருங்கித் தடுக்கையில் நிகழ்ந்த தவறினால் அந்தோனி டேவிஸ் தனி எறிக் கோட்டிற்கு வந்தார். முதலாவது எறி தவறியது; இரண்டாவது கூடை சேர்ந்தது. 157க்கு 155 என ஆட்டம் முடிந்தது. நேரத்தை வாங்கச் செய்யும் தவறு மறைந்தாலும், கூடையைக் காக்கச் செய்யும் தவறு மறையவில்லை.